அங்க அடையாளங்கள் கொண்ட நான்

குற்றாலம் மெயின் அருவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார்கள். சாரல் நன்றாக விழுந்த வாரம். கூட்டம் கடைத்தெரு வரை நின்றது. பெண்கள் குளிக்கிற பக்கத்துக்குள் நுழைந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அண்ணனுக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து வருடமாக நினைவு ஒவ்வொரு திருகாகக் கழன்றுகொண்டிருக்கிறது. பெயர் கேட்டால் சிரிப்பார். அறைந்தவன் பெயர் கேட்டான், இவர் சிரித்தார், அந்தச் சிரிப்புக்கு இரண்டாவது அறை விழுந்தது. பக்கத்தில் ஈரத்துண்டோடு நின்ற ஒரு நல்லவன், குளிப்பதை விட்டுவிட்டு, இதைச் செல்போனில் படம் பிடித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவுக்கு அது வந்து சேர்ந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அந்தத் தெருவில் நான் குடியிருக்க முடியாது.

அண்ணன் மனைவி, என் மதினி, பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறார். ஆனால் ஆண்கள் பக்கம் பெண்கள் போகக்கூடாது. எனவே எண்ணெய் தேய்க்கும் ஓர் ஆளிடம் அண்ணனை ஒப்படைத்துவிட்டு, தான் இந்தப் பக்கம் தலையை நனைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க்காரருக்கு வேறு ஒரு முதுகு கிடைத்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரு மனிதன் நேற்றும் இன்றும் அதே மனிதனாக இருப்பது எதனால் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் சார்நிலைக் கருவூலத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை இணைப்பு, எந்த இணைப்பில் யார் சான்றொப்பம், யார் விடுப்பில் போனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. அதனால் அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடி வகுப்பு. வகுப்பெடுப்பவர் என் மகளைவிட ஐந்து வயது இளையவர், கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியை. என்னை 'சார்' என்பார், நான் 'மேடம்' என்பேன். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

அந்தப் பருவத்தின் பணி: ஒரு கட்டுரைத் திட்டம். கட்டுரை அல்ல, திட்டம் மட்டும். இரண்டு தாள். முதலில் முடிபு, ஒரே வாக்கியத்தில். பிறகு சொற்களின் பொருள் வரையறை. பிறகு ஆதரவு வாதங்கள். பிறகு குறைந்தது மூன்று எதிர்ப்புகளும் அவற்றுக்குப் பதில்களும். கடைசியில், எதை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு பத்தி. "எதிர்த்தரப்பை அவங்களே படிச்சுட்டு, 'ஆமா, இதைத்தான் நாங்க சொல்றோம்'னு ஒத்துக்கிற மாதிரி எழுதணும் சார்" என்றார் மேடம். "வைக்கோல் பொம்மையை அடிச்சு விழவச்சா மார்க் கிடையாது."

வாழ்நாள் முழுக்க 'மேற்கண்ட கோரிக்கை ஏற்பதற்கில்லை' என்று ஒரே வரியில் எழுதிப் பழகியவனுக்கு இது புதிய வேலை. ஆனால் தலைப்பு என் தொழில்தான். ஓய்வூதியர் நேர்காணல் என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியர் வந்து, தான் உயிரோடு இருப்பதையும் தான் தானேதான் என்பதையும் காட்ட வேண்டும். இப்போது விரல்ரேகை இயந்திரம். அப்போது நான்தான் இயந்திரம். ஆணையில் எழுதியிருக்கும் அங்க அடையாளங்களை ஆளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு வருடம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். அடுப்பு வெடித்துக் கழுத்தும் கன்னமும் வெந்து ஆறியிருந்தன. கன்னத்து மச்சம் போய்விட்டது. நான் மருத்துவச் சான்று கேட்டேன். அந்த அம்மாள் தான் வேலை பார்த்த பள்ளிகளை, சேர்ந்த தேதி, விடுவித்த தேதியோடு முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தார். ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. நான் மச்சம் கேட்டேன். பதினெட்டு நாள் அலைந்து சான்று கொண்டுவந்தார். அந்தப் பதினெட்டு நாளுக்காக என்மேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம், பத்து வருடம் தாமதமாக, அந்த எட்டாம் வகுப்பு பெஞ்சில் வந்தது.

ஆகவே என் முடிபை ஒரே மூச்சில் எழுதினேன்: நேற்று இருந்தவரும் இன்று இருப்பவரும் ஒரே நபர் என்றால், அது உடல் தொடர்வதால் அல்ல, நினைவு, எண்ணம், விருப்பம், குணம் ஆகியவை ஒன்றை ஒன்று பற்றித் தொடர்வதால்.

பொருள் வரையறையில், 'ஆளே மாறிவிட்டான்' என்று நாம் பேச்சில் சொல்வதை முதலில் ஒதுக்கினேன். அது தன்மை மாறியதைச் சொல்கிறது. ஆள் அவனேதான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பித்தளைச் செம்புகள் தன்மையில் ஒன்று, எண்ணிக்கையில் இரண்டு. அடுக்களையில் நசுங்கிக் கறுத்த செம்பு தன்மையில் மாறிவிட்டது, ஆனால் அதே ஒரு செம்புதான். கேள்வி இந்த இரண்டாவது வகை ஒருமையைப் பற்றியது.

ஆதரவு வாதத்துக்கு ஒரு கற்பனை. செங்கோட்டையில் ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் ஒருவரும், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர் ஒருவரும் ஒரே இரவில் மனம் மாறிக்கொள்கிறார்கள். மூட்டைக்காரரின் உடல் விழித்தெழுந்து, தான் எழுதிய முதல் தகவல் அறிக்கைகளை நினைத்துப் பார்க்கிறது, விசாரணையில் இருக்கும் பழைய புகாரை எண்ணிப் பயப்படுகிறது, மனைவியைத் தேடிச் செங்கோட்டை பஸ் ஏறுகிறது. நேர்காணலில் எனக்கு முன்னால் இருவரும் நிற்கிறார்கள். இயந்திரத்தில் விரல் வைத்தால் ஓய்வூதியம் தக்காளி மூட்டையைத் தவிர வேறொன்றும் அறியாதவருக்குப் போகும். ஆய்வாளர் யார் என்று கேட்டால், அந்தப் பயமும் அந்த வாழ்க்கையும் இருக்கிற இடத்தைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள்.

எதிர்ப்புகளையும் ஒழுங்காக எழுதினேன். முதலாவது: பள்ளியில் பிரம்படி வாங்கிய பையனைப் பணியில் சேர்ந்த இளைஞன் நினைவில் வைத்திருக்கிறான். ஓய்வு பெற்ற கிழவன் இளைஞனை நினைவில் வைத்திருக்கிறான், பிரம்படியை மறந்துவிட்டான். நினைவுதான் அடையாளம் என்றால், கிழவனும் இளைஞனும் ஒருவர், இளைஞனும் பையனும் ஒருவர், ஆனால் கிழவனும் பையனும் வேறு வேறு. இது கணக்கில் உதைக்கிறது. பதில்: நேரடி நினைவு தேவையில்லை, சங்கிலி போதும். அலுவலகக் கோப்பில் நூறாவது குறிப்பை எழுதுபவர் முதல் குறிப்பைப் படித்திருக்க மாட்டார், தொண்ணூற்றொன்பதாவதைப் படித்திருப்பார். கோப்பு ஒன்றுதான்.

இரண்டாவது எதிர்ப்பு சுற்றி வருவது. எனக்கு உண்மையிலேயே நினைவிருக்கிறதா, நினைவிருப்பதாகக் கற்பனை செய்கிறேனா என்பதைப் பிரிக்க, 'அதை அனுபவித்தது நான்தானா' என்று பார்க்க வேண்டும். அப்படியானால் அடையாளத்தை விளக்க அடையாளத்தையே கடன் வாங்குகிறோம். பதில்: 'யாருடைய' அனுபவம் என்று சொல்லாமலே வரையறுக்கலாம். ஓர் அனுபவம் நடந்தது, அதுவே இந்த மனப்பதிவை உரிய வழியில் உண்டாக்கியது. அவ்வளவு போதும். மூன்றாவது: என் மனத்தை இரண்டு தலைகளில் இறக்கினால் இருவரும் எனக்குத் தொடர்ச்சி. இருவர் ஒருவராக முடியாது. பதில்: தொடர்ச்சி கிளை பிரியாதவரைதான் அடையாளம் என்று ஒரு நிபந்தனை. இது கொஞ்சம் ஒட்டுப்போட்ட பதில் என்பது எழுதும்போதே தெரிந்தது. அடுத்த அறையில் இன்னொருவன் இருக்கிறானா என்பதைப் பொறுத்து நான் நானாவதா? அதை விட்டுக்கொடுக்கும் பத்தியில் சேர்த்தேன்.

நல்ல திட்டம் என்று நினைத்தேன். ஞாயிறு மதியம் வகுப்பு முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடியும்போது அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து குற்றாலத்து வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டான். அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தான். எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு அது மலை தாண்டிப் போனது என்பதை நான் விசாரிக்கவில்லை. நான் போனதும் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே ஒரு முத்திரைத்தாள்.

எனக்கு அதைத் தெரியும். எழுதியதே நான். ஐந்து வருடத்துக்கு முன்னால், இன்ன வியாதியின் ஆரம்பம் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், அண்ணன் என் வீட்டுக்குத் தனியாக வந்தார். செங்கோட்டையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முன்கூட்டியே சிக்னல் கொடுத்துச் செய்பவர். "எனக்குப் புத்தி மங்கிட்டுன்னா உங்க மதினிய என் பின்னால அலைய விடக்கூடாதுலே. ஒரு ஹோம்ல சேத்துரணும். சட்டப்படி எப்படியோ, பயலுக்கு ஒரு பேப்பர் இருக்கணும். எழுதிக் குடு. அவகிட்ட சொல்லாத." நான் எழுதிக் கொடுத்தேன். எப்படி எழுதினேன்? முப்பத்து மூன்று வருடம் கை பழகியபடி. 'இடது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பும் வலது முன்கையில் கறுப்பு மச்சமும் அங்க அடையாளங்களாகக் கொண்ட நான்' என்று தொடங்கினேன். இரண்டு சாட்சிகள், அதில் ஒருவன் நான். நோட்டரி முத்திரை. கடைசியில், கருவூலக்காரனின் முன்ஜாக்கிரதையாக, 'இதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு' என்ற வரி.

கோயம்புத்தூரில் ஓர் இல்லத்தில் இடம் பேசியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை சேர்க்கை என்றான். அண்ணன் அதே கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீலம் பாரித்திருந்தது. மதினி அடுக்களையில் இருந்தார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"சித்தப்பா, நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல. அப்பாவே எழுதி வச்சிருக்காவ."

"எழுதுனவரு இப்ப இல்லைலே."

"இல்லையா? இந்தா உக்காந்து பேப்பர் மடிக்காவ?"

கோபத்தில் எனக்குப் பேச்சு வராது, படிக்கத்தான் வரும். பையிலிருந்து கட்டுரைத் திட்டத்தை எடுத்து முடிபை வாசித்தேன். அந்தத் தாளை எழுதிய மனம், அந்த மனத்தின் திட்டங்கள், பயங்கள், தன்னைப் பற்றிய வெட்கம் எல்லாம் அறுந்து போய்விட்டன. இப்போது இருப்பவருக்கு அந்த வெட்கம் கிடையாது, அவர் சந்தோஷமாக இருக்கிறார், முன்னால் இருந்த ஒருவர் எழுதிய தாள் இவரைக் கட்டாது என்றேன்.

"அப்பாவப் பத்திப் பேசுவோம்னு வந்தா பரீட்சைப் பேப்பர வாசிக்குதீய" என்றான். பிறகு குரல் மாறியது. "சரி, உங்க பாயிண்டுக்கே வாரேன். எழுதுனவரு போயிட்டாரு. அப்ப இது யாரு? யாரோ ஒருத்தரு. யாரோ ஒருத்தரக் குளிப்பாட்டி, மூத்திரத்துணி அலசி, எங்கம்மா எதுக்கு இடுப்ப ஒடிக்கணும்? நேத்து எதுக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்னால கையெடுத்துக் கும்பிட்டு நிக்கணும்? பதில் சொல்லுங்க."

என் திட்டத்தில் இல்லாத எதிர்ப்பு. மேடம் சொன்ன வலுவில் இருந்தது.

"முழுசா அறுந்துட்டுன்னு சொல்லல. சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாத் தேயுது. ரயில் ஹாரன் கேட்டா இப்பவும் மணிக்கட்டப் பாக்காரு பாரு. அதெல்லாம் பழைய ஆளோட கண்ணிதான்."

"இப்பத்தான எழுதுனவரு இல்லைன்னிய?"

"தொடர்ச்சிங்கிறது அளவு சம்பந்தப்பட்டது. கூடும், குறையும்."

"ஆளு அப்படி இல்லைல? அறுவது பர்சன்ட் அப்பான்னு ஒருத்தர் கிடையாது. ஒண்ணு இருக்காவ, இல்லைன்னா இல்லை."

இதுவும் நல்ல எதிர்ப்பு. கணினிக் கம்பெனிக்காரன் வாயிலிருந்து வருகிறதே என்று எனக்கு எரிந்தது. அவன் நிறுத்தவில்லை. முத்திரைத்தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். "மனசுதான் ஆளுன்னு இப்ப சொல்லுதீய. இதுல என்ன எழுதியிருக்கு? 'தழும்பும் மச்சமும் அங்க அடையாளங்களாகக் கொண்ட நான்.' யாரு எழுதுனது, நீங்கதான? இந்தா தழும்பு." அப்பாவின் கையைப் பிடித்துச் சட்டையை மேலேற்றினான். "இந்தா மச்சம். அப்ப இந்தா 'நான்'."

அண்ணன் ஊசி போட வந்த நர்ஸிடம் காட்டுவதுபோல் கையை நீட்டிக்கொண்டு சிரித்தார். நேற்று அறைந்தவன் பார்த்த அதே சிரிப்பு. எனக்கு அந்தக் கையை அவன் பிடியிலிருந்து பறிக்க வேண்டும் போலிருந்தது. பறிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்றைச் செய்தேன். கடைசி வரியை நினைவுபடுத்தினேன்.

"சரி. உடம்புதான் ஆளு. ஒன் கட்சியே இருக்கட்டும். அப்ப எழுதுன 'நானும்' இவருதான், ரத்து பண்ண உரிமையுள்ள 'நானும்' இவருதான். வாசிச்சுப் பாரு." அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, கோயம்புத்தூருக்குப் போயி இருக்கியளா?"

"வேண்டாம் வேண்டாம்" என்றார் அண்ணன். "வண்டி வந்துரும்."

"ரத்தாயிட்டு."

"சித்தப்பா, நீங்க கேட்டதே அவியளுக்குப் புரியல!"

"பாத்தியா, இப்ப புத்தியப் பத்திப் பேசுத. கையெழுத்துக்கு உடம்பு, ரத்துக்குப் புத்தியா? உடம்புதான் ஆளுன்னா அவரு சொன்ன வேண்டாம் செல்லும். புத்திதான் ஆளுன்னா எழுதுனவரு இல்லை, பேப்பர் செல்லாது. எந்தப் பக்கம் வந்தாலும் பேப்பர் போச்சு. எந்தப் பக்கம் வாரே?"

அவன் முத்திரைத்தாளை உறைக்குள் போட்டான். நான் தென்காசிக்குப் பஸ் ஏறினேன். காசிமேஜர்புரம் தாண்டும் வரை அந்த வாதத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டி ரசித்தேன். புதன்கிழமை மதினி போனில், கோயம்புத்தூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பயல் பெங்களூர் திரும்பிவிட்டான் என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். அன்றே கட்டுரைத் திட்டத்தில் நான்காவது எதிர்ப்பாக ஞாபக மறதி நோயாளியையும் அவர் முன்பே எழுதிவைத்த கடிதத்தையும், அதற்குப் பதிலாக என் இருமுனை வாதத்தையும் சேர்த்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

இரண்டு ஞாயிறு கழித்து மேடம் திருப்பிக் கொடுத்தார். முதல் மூன்று எதிர்ப்புகளுக்குப் பக்கத்தில் சரி போட்டிருந்தார். கற்பனைக் கதைக்கு ஒரு குறிப்பு: விரல்ரேகை என்பது ஆள் யார் என்று நாம் அறிய உதவும் சான்று, ஆள் எதில் அமைகிறார் என்பது வேறு கேள்வி, நேர்காணல் முதலாவதைப் பற்றியது. நியாயம். நான்காவதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கேள்விக்குறி.

"சார், மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் டேபிள்ல இருக்கிறவர் யாரு?"

"அவரேதான்."

"அவர் அந்த நேரத்துல ஒரு பத்திரத்தை ரத்து பண்ண முடியுமா?"

"முடியாது."

"ஆள் யாருங்கிறது ஒரு கேள்வி. முடிவெடுக்கிற திறன் இருக்காங்கிறது இன்னொரு கேள்வி. உடல் தரப்புக்காரங்க ரொம்ப சுலபமாச் சொல்வாங்க: ஆள் அதே ஆள்தான், திறன் போயிருச்சு, அதனாலதான் திறன் இருந்தப்ப எழுதினதை எடுத்துக்கிறோம்னு. இதுல முரண்பாடே இல்லை. இருமுனைன்னு சொல்றீங்க, ஒரு முனை மழுங்கல் சார்."

"எதிர்த்தரப்பு இதைச் சொல்லவில்லையே" என்றேன். எந்த எதிர்த்தரப்பு என்று அவருக்குத் தெரியாது.

"நாமதான் அவங்களுக்காகச் சொல்லணும். இது யாரையோ வாயடைக்க எழுதின மாதிரி இருக்கு." பிறகு தாளைத் திருப்பி, "இன்னொண்ணு. 'அதே ஆள் என்றால் கடிதம் கட்டும், வேறு ஆள் என்றால் யாருக்கும் கடமை இல்லை.' உங்க எதிர்ப்பும் இதை நம்புது, உங்க பதிலும் இதை நம்புது. ஏன் நம்பணும்? அடையாளத்துக்கும் கடமைக்கும் நடுவுல ஒரு படி இருக்கு. அதை ரெண்டு பேருமே எழுதாம தாண்டிட்டீங்க."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் கோபம் வந்தது. பொய்யான வாதத்தால் என் அண்ணனைக் காப்பாற்றியிருக்கிறேன். கருவூலத்தில் தவறான செலவுப் பட்டியலைக் கடக்கவிட்டால் மறுநாளே நாமாகக் குறிப்பெழுதிச் சொல்லிவிட வேண்டும், தணிக்கை வந்து கண்டுபிடிக்கக் காத்திருக்கக் கூடாது. இதில் சொன்னால் அண்ணன் கோயம்புத்தூர் போவார். மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். அந்த மூன்று நாளும் வீட்டில் என்னோடு யாரும் பேச முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள். நான்காம் நாள் காலையில் போன் செய்தேன்.

"அன்னைக்கு நான் சொன்ன வாதம் தப்பு" என்றேன். விளக்கினேன். மயக்க மருந்து, திறன், எல்லாம்.

"தெரியும் சித்தப்பா."

"என்னது?"

"அன்னைக்கே தெரியும். நீங்க படியிறங்கும்போதே பதில் தோணிட்டு. உங்ககிட்டச் சொன்னா மறுபடியும் பேப்பர எடுப்பியன்னுதான் விட்டுட்டேன்."

"அப்புறம் ஏம்லே கோயம்புத்தூர விட்ட?"

"நீங்க போனப்புறம் அம்மா அடுக்களையிலருந்து வந்தா. கையில அருவாமணை. 'பொம்பளையள் பக்கம் எதுக்கு வந்தாவன்னு ஒருத்தனாவது கேட்டீங்களால? என் சத்தம் கேட்டு என்னையத் தேடில்லா வந்தாவ. அந்த வழுக்குப் பாறையில, அத்தனை பேரத் தள்ளிக்கிட்டு. பேரு தெரியாது, ஊரு தெரியாது, என் சத்தம் தெரிஞ்சிருக்கு. யாரோ ஒருத்தன்னு சொல்லுதியே, யாரோ ஒருத்தனா என்னையத் தேடுவான்?'னு கேட்டா."

நான் வரிவரியாக அடுக்கிய தொடர்ச்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. என் திட்டத்தில் அது இல்லை. இருக்கவும் வழியில்லை. அந்த வீட்டில் அதை அறிந்திருந்த ஒரே ஆளிடம் நான் பேசவே இல்லை.

"அதோட விட்டாளா? பேப்பர வாங்கி வாசிச்சா. அன்னைக்குத்தான் முதல்முறையாப் பாக்கா. 'எனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பாரமா இல்லையான்னு என்னையக் கேட்டாரா? உங்க சித்தப்பன் கேட்டாரா? ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி, மச்சம், தழும்பு. சுமக்கப் போறவ பேரு எங்கல இருக்கு இதுல?'ன்னா. நான் என்ன சொல்ல? நானும் கேக்கலையே."

போனை வைத்தேன். பிறகு திட்டத்தை எடுத்து நான்காவது பதிலை முழுதாக அடித்தேன். புதிதாக எழுதியது இது: நோயாளியிடம் தொடர்ச்சி குறைந்திருக்கிறது, அறவில்லை. நேரடி நினைவு போன பிறகும் பற்று, பழக்கம், ஒரு குரலை அறிதல் ஆகியவை பழைய வாழ்விலிருந்தே வருகின்றன, அவையும் உளத் தொடர்ச்சியே. ஆகவே அவர் இன்னும் அவரே. தொடர்ச்சி அளவில் தேயும்போது 'ஆம், இல்லை' என்ற பதில் எந்த இடத்தில் மாறுகிறது என்பதற்கு என்னிடம் கோடு இல்லை. இதை விட்டுக்கொடுக்கிறேன். அவர் அவரே என்பதால் கடிதத்தை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்று ஆகாது. அந்த முடிவில் பாதிக்கப்படும் மற்றவரைக் கேட்காமல் எழுதிய கடிதம் அது. அடையாளம் பற்றிய கோட்பாடு அந்தக் குறையைச் சரிசெய்யாது.

கடைசி இரண்டு வாக்கியங்கள் தலைப்புக்கு வெளியே போகின்றன, மார்க் குறையும் என்று தெரிந்தே விட்டேன்.

மறுநாள் குற்றாலத்துக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். மதினி அலசிய துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து வருடம் முன்னால் ஒரு ரூபாய் செலவில்லாமல் கேட்டிருக்க வேண்டியதை, கொடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"மதினி, உங்களுக்கு முடியுதா?"

"முடியல" என்றார், துணியை உதறிக்கொண்டே. "முடியலன்னு சொன்னா உடனே ரெண்டு பேரும் அனுப்பிருவிய. அதனாலதான் சொல்லல."

"அனுப்பல. சொல்லுங்க."

"குளிப்பாட்ட முடியல, வழுக்குதாவ. கக்கூஸ்ல தூக்க முடியல. பகல்ல ஒரு ஆம்பளையாளு வேணும், கைக்கு வலுவா. அருவிக்குக் கூட்டிட்டுப் போனா ஆம்பளையள் பக்கம் கூடவே நிக்கணும், வேற முதுகு பாத்துப் போகக் கூடாது. எண்ணெய்க்காரன் வேண்டாம். என்ன, எழுதிக்கிடலையா தம்பி? எல்லாத்தையும் எழுதுவியள?"

எழுதிக்கொள்ளவில்லை. வடகரையில் தென்னந்தோப்பு வேலையை விட்டவர் ஒருவர், தன் தகப்பனைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர், ஆள் கேட்டால் வருவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வடகரைக்குப் போனேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். வெளியில் கேட்கும்படித்தான் திட்டியிருப்பேன் போல. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள்.